முதல் ஃபிட்னஸ் பேண்ட்: பெட்டியைப் படிக்கும் முன் கைப்பேசியைப் பாருங்கள்

காலையில் பூங்காவில் நடப்பவர்களின் மணிக்கட்டுகளைக் கவனித்தால், மூன்றில் ஒன்றிலாவது கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று தெரியும். பிறந்தநாள் பரிசாக வந்தது, தள்ளுபடி விற்பனையில் வாங்கியது, பிள்ளைகள் இணையத்தில் தருவித்துக் கொடுத்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். அதே நேரத்தில் பல வீடுகளின் மேசை இழுப்பறைகளிலும் இப்படி ஒரு பட்டை, மின்னூட்டக் கம்பி தொலைந்துபோய், உறங்கிக்கொண்டிருக்கிறது.

இழுப்பறைக்குப் போன பட்டைகள் பெரும்பாலும் பழுதானவை அல்ல, வாங்கியவருக்குப் பொருந்தாதவை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வசதிகளின் பட்டியலைப் பார்த்து வாங்கியதுதான் காரணம். எந்தப் பெட்டி நீளமான பட்டியலைக் காட்டுகிறதோ அதுவே சிறந்தது என்று நினைத்துவிடுகிறோம். முதன்முறை வாங்குபவர் அதைத் தலைகீழாகச் செய்யவேண்டும். முதலில் செயலி, அடுத்து பேட்டரி, கடைசியில் உணரிகள். ஏன் இந்த வரிசை என்பதை ஓர் உண்மையான தேவையை வைத்தே பார்ப்போம்.

வாசகர் ஒருவர் தம் தாயாருக்குக் கைப்பட்டை வாங்க ஆலோசனை கேட்டிருந்தார். அம்மாவுக்கு 58 வயது. நீரிழிவு எல்லைக்கோட்டில் இருப்பதாகப் பலதுறை மருந்தகத்தில் சொல்லி, தினமும் வேகநடை போகச் சொல்லியிருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாலர் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். மாலையில் தனியாக நடப்பார். கையில் இருப்பது சில ஆண்டுகள் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி. நடப்பதற்கு 'ஹெல்தி 365' செயலியில் புள்ளிகள் சேரவேண்டும் என்பது அவருடைய ஆசை. மகன் கையிருப்பு 100 வெள்ளி.

மகன் மூன்று பட்டைகளைப் பார்த்து வைத்திருந்தார். முதலாவது, இணையத்தில் 35 வெள்ளிக்குக் கிடைக்கும், பெயர் தெரியாத நிறுவனத்தின் பட்டை. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் அளக்கும் என்கிறது விளம்பரம். இரண்டாவது, பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் எளிய பட்டை, 100 வெள்ளிக்குள். மூன்றாவது, ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும் பட்டை, 200 வெள்ளிக்கும் மேல்.

செயலியில்தான் முதல் வடிகட்டல்

கைப்பட்டையில் இருப்பது சின்னத் திரை. அது சேகரிக்கும் விவரங்களை நாம் பார்ப்பது கைப்பேசிச் செயலியில்தான். செயலி உங்கள் கைப்பேசியில் இயங்காவிட்டால் பட்டை வெறும் கடிகாரம். எனவே முதல் கேள்வி, இந்தக் கைப்பேசியுடன் இது வேலை செய்யுமா என்பதே.

எல்லாப் பட்டையும் எல்லாக் கைப்பேசியோடும் சேராது. சாம்சுங்கின் கேலக்ஸி ஃபிட்3 ஆண்ட்ராய்டில் மட்டுமே இயங்கும், ஐஃபோனில் இணையாது. ஆப்பிள் கடிகாரமோ ஐஃபோன் இல்லாமல் உதவாது. ஆண்ட்ராய்டுக்குள்ளும் எந்தப் பதிப்பு என்பது முக்கியம். கைப்பேசியின் அமைப்புகளில் 'கைப்பேசி பற்றி' என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் குறைந்தபட்ச பதிப்புடன் ஒப்பிடுங்கள். அம்மாவுக்கு வாங்கும்போது மகனின் புதிய கைப்பேசியில் சோதித்துப் பார்ப்பதால் பயனில்லை.

இரண்டாவது கேள்வி, ஹெல்தி 365-உடன் சேருமா என்பது. பட்டை எடுத்த விவரம் நேரடியாக அந்தச் செயலிக்குப் போய்விடுவதில்லை. பெரும்பாலும் அது முதலில் பட்டை நிறுவனத்தின் சொந்தச் செயலிக்குப் போகும். அங்கிருந்துதான் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் செயலிக்கு வரும், சில நேரங்களில் நடுவில் இன்னொரு செயலியின் வழியாக. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் 10,000 அடி நடந்தாலும் புள்ளிக் கணக்கில் ஓர் அடிகூட ஏறாது. ஹெல்தி 365 செயலிக்குள் எந்தக் கருவிகளை இணைக்கலாம் என்ற பட்டியல் இருக்கிறது. அது மாறிக்கொண்டே வரும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் சொல்லைவிட, வாங்கும் நாளில் செயலியைத் திறந்து பார்ப்பதே மேல்.

மகன் பார்த்துவைத்த 35 வெள்ளிப் பட்டை இங்கேயே விழுந்துவிட்டது. அதன் செயலி பெயர் தெரியாத ஒன்று. ஹெல்தி 365 பட்டியலில் இல்லை. இத்தகைய செயலிகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நிறுவனம் கடையை மூடினால் அல்லது செயலியைப் புதுப்பிக்காமல் விட்டால், கைப்பேசியின் அடுத்த பெரிய மேம்பாட்டுக்குப் பிறகு பட்டை இணையாமல் போகலாம்.

செயலியில் கவனிக்கவேண்டிய இன்னொன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பல பட்டைகளில் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் மகள் "அம்மா எங்கே?" என்று தமிழில் அனுப்பினால், பட்டையின் திரையில் வெறும் கட்டங்கள் வரும், அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பட்டையைக் கைப்பேசியோடு இணைத்துப் பார்க்க அனுமதித்தால், ஒரு தமிழ்ச் செய்தியை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். தமிழில் செய்தி அனுப்பும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

வாங்கிய பிறகு வரும் பொதுவான புகார், "நேற்றுவரை ஏறிய அடிகள் இன்று ஏறவில்லை" என்பது. பெரும்பாலும் பட்டையின் மேல் குற்றமில்லை. கைப்பேசி, பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, பயன்படுத்தாத செயலியைப் பின்னணியில் உறங்க வைத்துவிடும். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் சரியாகும். வாரத்துக்கு ஓரிரு முறை செயலியைத் திறந்து ஒத்திசைக்கவும் பழகவேண்டும். பட்டைக்குள் விவரங்களைச் சேமிக்கும் இடம் குறைவு. நீண்ட நாள் திறக்காவிட்டால் பழைய விவரம் அழிந்துவிடும்.

"14 நாள்" என்றால் எத்தனை நாள்?

அடுத்து பேட்டரி. பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணை யாரும் பொய்யாகப் போடுவதில்லை. ஆனால் அது எந்த நிலையில் அளந்த எண் என்பதைக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஹுவாவெய் பேண்ட் 9 நல்ல எடுத்துக்காட்டு. அதிகபட்சம் 14 நாள், வழக்கமான பயன்பாட்டில் 9 நாள், திரை எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் 3 நாள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஒரே பட்டை, ஒரே பேட்டரி. அமைப்பை மாற்றியதும் இரண்டு வாரம் மூன்று நாளாகிவிடுகிறது. ஷாவ்மி ஸ்மார்ட் பேண்ட் 9-க்கும் இதே கதைதான். 21 நாள் என்பது, திரை எப்போதும் எரிந்தால் 9 நாளாகக் குறைகிறது.

பேட்டரியை அதிகம் தின்பவை மூன்று. எப்போதும் எரியும் திரை, இரவு முழுவதும் ரத்த ஆக்சிஜனை அளப்பது, உள்ளேயே இருக்கும் ஜிபிஎஸ். முதல் இரண்டையும் அணைத்து வைக்கலாம். நடைக்குப் போகும் ஒருவருக்கு இரவெல்லாம் ஆக்சிஜன் அளவு தேவையில்லை. இதயத் துடிப்பை மட்டும் தொடர்ந்து அளக்கவிட்டு, கையைத் தூக்கினால் திரை எரியும்படி வைத்தால் போதும்.

எத்தனை நாள் தாங்கவேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டையைக் கழற்றி வைத்த நேரத்தில்தான் அதை மறப்போம். தினமும் மின்னூட்டவேண்டிய கருவியைக் கழற்ற ஆண்டுக்கு 365 சந்தர்ப்பங்கள். வாரத்துக்கு ஒருமுறை என்றால் 52. அம்மாவைப் போன்ற புதியவருக்கு உண்மையான பயன்பாட்டில் ஒரு வாரமாவது தாங்கவேண்டும். அப்போது "ஞாயிறு காலை குளிக்கப் போகும்போது மின்னூட்டு" என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் "வழக்கமான பயன்பாடு" என்ற வரி 9 நாளுக்குக் குறையாமல் இருந்தால், பேட்டரி தளர்ந்தபின்னும் அந்த ஒரு வாரம் கிடைக்கும்.

மின்னூட்டக் கம்பியையும் பாருங்கள். பெரும்பாலான பட்டைகளுக்குக் காந்தத்தால் ஒட்டும் தனிக் கம்பி. ஒரு நிறுவனத்தின் கம்பி இன்னொன்றுக்குப் பொருந்தாது, அதே நிறுவனத்தின் பழைய பட்டைக்குக்கூடப் பொருந்தாமல் போகலாம். வாங்கும்போதே மாற்றுக் கம்பி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற முடியாது என்பதால், பட்டையைச் சில ஆண்டுகள் உழைக்கும் பொருளாகத்தான் நினைக்கவேண்டும். 200 வெள்ளிப் பட்டைக்கும் 70 வெள்ளிப் பட்டைக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை.

உணரிகள்: எது அளக்கிறது, எது ஊகிக்கிறது

புதியவருக்குத் தேவையான உணரிகள் இரண்டே.

முதலாவது அசைவு உணரி. கை முன்னும் பின்னும் ஊசலாடுவதை வைத்து அடிகளை எண்ணும். கால் நடப்பதை அது பார்ப்பதில்லை. அதனால் கை ஆடாவிட்டால் அடி குறையும். அம்மா பேரனின் தள்ளுவண்டியை இரு கைகளாலும் பிடித்துத் தள்ளும்போது இதுதான் நடக்கும். ஈரச்சந்தைக்கு டிராலி இழுத்துச் செல்பவர்களுக்கும், கைத்தாங்கியைப் பிடித்து நடக்கும் முதியவர்களுக்கும் இதே குறை. மாறாக, உட்கார்ந்தபடி காய்கறி நறுக்கினால் சில அடிகள் கூடும். தள்ளுவண்டி நேரத்தில் ஒரு கையை விட்டுவிடுவது பாதுகாப்பல்ல. அப்போது பட்டையில் 'நடை' பயிற்சியைத் தொடங்கிவிட்டால், அடி குறைந்தாலும் நேரமும் இதயத் துடிப்பும் பதிவாகும்.

இரண்டாவது ஒளி உணரி. பட்டையைத் திருப்பினால் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்க்கலாம். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுவதே இதயத் துடிப்பு. பட்டை தளர்வாக இருந்தால் வெளி ஒளி உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நழுவாமலும் இறுகாமலும் கட்டவேண்டும். உணரி இருக்கும் இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மறு கையில் கட்டுங்கள்.

நடப்பவர்களுக்கு இந்த உணரியில் ஒரு கண்ணி உண்டு. கை ஊசலாடும் தாளத்தையே இதயத் துடிப்பு என்று பட்டை சிலநேரம் தவறாக எடுத்துக்கொள்ளும். ஓடுபவருக்கு இது எளிதில் தெரிந்துவிடும், ஏனெனில் திடீரென்று 170 காட்டும். நடப்பவருக்குத் தெரியாது. வேகநடையில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வைப்போம். நடுத்தர வயதினரின் இதயத் துடிப்பும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். தவறான எண்ணும் சரிபோலவே தோன்றும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. உண்மையான துடிப்பு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். நடக்கத் தொடங்கிய பத்தே விநாடிகளில் பட்டை 75-லிருந்து 112-க்குத் தாவினால் சந்தேகப்படுங்கள். நின்றதும் சடாரென்று பழைய எண்ணுக்கு விழுந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இப்போது அம்மாவின் மாத்திரைக்கு வருவோம். பட்டைகள் பொதுவாக 220-லிருந்து வயதைக் கழித்து அதிகபட்ச துடிப்பைக் கணக்கிடும். 58 வயதுக்கு 162. அதில் 64 முதல் 76 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 104 முதல் 123 வரை, மிதமான உடற்பயிற்சி என்று கொள்வது வழக்கம். ஆனால் பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அம்மா வியர்க்க வியர்க்க நடந்தாலும் பட்டை 92 காட்டலாம். "போதவில்லை, இன்னும் வேகமாக" என்று அது சொல்லும். அதை நம்பி ஓடத் தொடங்கினால் ஆபத்து. எண்ணைக் கூட்டுவதற்காக மாத்திரையை விட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து. அந்த வகை மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவே கூடாது.

இவரைப் போன்றவர்களுக்குப் பேச்சுதான் அளவுகோல். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். அம்மாவுக்கு ஏற்ற துடிப்பு வரம்பு எது என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டு, அதைச் செயலியில் பதிந்துவைக்கலாம். பல செயலிகள் அதிகபட்ச துடிப்பை நாமே மாற்ற இடம் கொடுக்கின்றன. இப்படி மாற்ற முடியுமா என்பதும் வாங்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி.

ஆக்சிஜன் அளவு பற்றி ஒரு வார்த்தை. மணிக்கட்டில் அளக்கும் இந்த எண் மருத்துவ முடிவுக்கு உரியதல்ல. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானிகளே கருமையான தோலில் துல்லியம் குறையக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்தது. நம் தோல் நிறத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. மூச்சுத் திணறும்போது பட்டை 97 காட்டுகிறதே என்று வீட்டில் காத்திருக்கக்கூடாது.

சர்க்கரை அளக்கும் பட்டை

35 வெள்ளிப் பட்டையைச் செயலியை வைத்தே தள்ளிவிட்டோம். இருந்தாலும் அது சொல்லும் ஒரு வாக்குறுதியைத் தனியாகச் சொல்லியாகவேண்டும். நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத குடும்பம் அரிது. விரலில் குத்தாமலே சர்க்கரை பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பச்சை விளக்கால் ரத்தத்தின் சர்க்கரையை அளக்க முடியாது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதையும் தான் அங்கீகரிக்கவில்லை என்றும் அவற்றைப் பயன்படுத்தவேண்டாம் என்றும் அதே அமெரிக்க நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. தோலுக்குள் மெல்லிய இழை செல்லும் தொடர் சர்க்கரை மானிகள் வேறு. அவற்றின் எண்ணைச் சில கடிகாரங்கள் வாங்கிக் காட்டும், அவை தாமே அளப்பதில்லை.

இத்தகைய பட்டையை வீட்டிலேயே அம்பலப்படுத்தலாம். கையில் கட்டாமல், சுருட்டிய துணியின் மேல் கட்டி, சர்க்கரையை அளக்கச் சொல்லுங்கள். பல மலிவுப் பட்டைகள் துணிக்கும் ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் இன்சுலின் அளவைக் கூட்டினால் மயங்கி விழலாம். குறைத்தால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படி ஒரு பட்டை வைத்திருந்தால், அதைக் கேலி செய்யாமல் துணிச் சோதனையைச் செய்து காட்டுங்கள். கண்ணால் பார்த்தால் நம்புவார்கள்.

முடிவும், முதல் வாரச் சோதனையும்

மூன்றாவது பட்டையின் ஜிபிஎஸ், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடுபவருக்கு உதவும். நடைக்குப் போகும்போது கைப்பேசியைக் கொண்டுசெல்லும் அம்மாவுக்குத் தூரம் தேவையென்றால், கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸையே பல பட்டைகள் பயன்படுத்திக்கொள்ளும். எனவே இரண்டாவது பட்டையே போதும். அவருடைய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஒத்துவருகிறதா, ஹெல்தி 365 பட்டியலில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு வாங்கலாம். மிச்சமாகும் வெள்ளியில் மாற்றுக் கம்பி ஒன்று வாங்கிவைக்கலாம்.

ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். கடை எத்தனை நாளுக்குள் மாற்றித் தரும் என்று கேட்டு, அதற்குள் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலில், வாயால் எண்ணி 200 அடி கைவீசி நடங்கள். பட்டை 190-க்கும் 210-க்கும் இடையில் காட்டினால் நல்லது. பிறகு தள்ளுவண்டியோடு 200 அடி நடந்து, எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவதாக, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கட்டைவிரலுக்குக் கீழே நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பட்டையின் எண்ணோடு ஐந்துக்குள் வேறுபாடு இருந்தால் போதும். பிறகு வேகமாகப் பத்து நிமிடம் நடந்து, பட்டையின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு நின்று, உடனே 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றதும் துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும் என்பதால் தாமதிக்கக்கூடாது. பத்துக்கு மேல் வேறுபட்டால் பட்டையை இன்னும் சற்று மேலே ஏற்றிக் கட்டி மறுபடி பாருங்கள். நாடியே சீரில்லாமல் விட்டுவிட்டுத் துடிப்பதாகத் தெரிந்தால், பட்டையை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாவதாக, முழுதாக மின்னூட்டி, வழக்கம்போலக் கட்டிக்கொண்டு நான்கு நாள் கழித்துப் பாருங்கள். பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தால், ஒரு வாரம் தாங்குவதே சிரமம். தேவையற்ற அளவீடுகளை அணைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், தவணை முடியும் முன் கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.